மூன்று ஒயர் சுருள்கள், மூன்று படங்கள்: சமையலறை லைனுக்கு எதை வாங்குவது?

பெங்களூரில் இப்போது வீட்டு வயரிங்குக்கான ஒயரை வீட்டுக்காரர் கடைக்குப் போய் வாங்குவது குறைந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் பி.வி.கே. ஐயங்கார் சாலையில் ஒரு கடை வாசலில் நின்று சுருள்களின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். வீட்டுக்காரர் அலுவலகத்தில் இருந்தபடி ஒன்றைச் சொல்லிவிடுகிறார். சுவருக்குள் பதிந்து இருபது முப்பது ஆண்டுகள் இருக்கப்போகும் பொருளை அந்த ஒரு படம்தான் முடிவு செய்கிறது என்பதால், அந்தப் படத்தில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க முடியாது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியமாகிறது. கடத்தியின் அளவு, காப்புறையின் வகை, சரக்கு அசலா என்பது ஆகிய மூன்றையும் நாம் அறிய வேண்டும். இம்மூன்றும் படத்தில் ஒரே அளவுக்குத் தெரிவதில்லை.

எடுத்துக்காட்டாக, அல்சூரில் ஒரு சந்துக்குள் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறை லைனை எடுத்துக்கொள்வோம். டிபி எனப்படும் மின் பகிர்வுப் பெட்டியில் இருந்து சமையலறை வரை ஒரு வழிக்கு 20 மீட்டர் தூரம். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும், ஏறத்தாழ 1200 வாட் இழுக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் ஒரே நேரத்தில் ஓடக்கூடும். இரண்டும் சேர்ந்தால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 14 ஆம்பியர். பளு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் கீழ், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இந்த லைனுக்குப் பொருத்தமானது. எலக்ட்ரீஷியன் அனுப்பிய மூன்று படங்களிலும் 2.5 என்ற எண் இருந்தது. முதல் சுருளில் எஃப்.ஆர். என்றும், இரண்டாம் சுருளில் எச்.எஃப்.எஃப்.ஆர். என்றும், மூன்றாம் சுருளில் எஃப்.ஆர்.எல்.எஸ்.எச். என்றும் காப்புறையின் வகை அச்சிட்டிருந்தது. இரண்டாவது சுருள் முதலாவதைவிட விலை கூடியது. மூன்றாவது முதலாவதன் விலையில் பாதிதான். “அக்கா, மூணுமே டூ பாயிண்ட் ஃபைவ்தான், எதை எடுக்கட்டும்?” என்று எலக்ட்ரீஷியன் கேட்டிருந்தார். அந்த வீட்டு அம்மா படங்களை எனக்கு அனுப்பிவைத்தார்.

முத்திரையில் இருந்து தொடங்குவதே வசதி, ஏனெனில் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே சரிபார்க்கக்கூடியது அது ஒன்றுதான். 2003-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணைக்குப் பிறகு, வீட்டு வயரிங்குக்கான பி.வி.சி. ஒயர்களை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. முத்திரை என்பது அந்தச் சின்னம் மட்டும் அன்று. சின்னத்தின் மேலே எந்தத் தரநிலைப்படி உரிமம் கொடுக்கப்பட்டது என்ற எண்ணும், கீழே சி.எம்./எல். என்ற எழுத்துகளைத் தொடர்ந்து உற்பத்தியாளரின் உரிம எண்ணும் இருக்க வேண்டும். முதல் சுருளில் சின்னத்தின் மேலே ஐ.எஸ். 694 என்றிருந்தது, இது பி.வி.சி. காப்புறையுள்ள ஒயர்களுக்கான தரநிலை. இரண்டாவதில் ஐ.எஸ். 17048 என்றிருந்தது, 2018-இல் வந்த இது, ஹாலஜன் இல்லாத, தீப் பரவலைத் தடுக்கும் கேபிள்களுக்கு உரியது. இரண்டிலும் கீழே உரிம எண் முழுமையாகத் தெரிந்தது. மூன்றாவதில் சின்னத்தைப் போன்ற ஒரு வடிவம் இருந்தது, மேலேயும் கீழேயும் எண் இல்லை, பக்கவாட்டில் சிறிய எழுத்தில் “ஐ.எஸ். 694-இன்படி” என்று மட்டும் அச்சிட்டிருந்தது. அந்தச் சொற்றொடரை யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம். அது எந்த உரிமத்தையும் குறிப்பதில்லை.

உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால், உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயர், முகவரி, தரநிலை எண், உரிமம் நடப்பில் உள்ளதா என்பது ஆகியவை வரும். எண் செல்லுபடியாகிறது என்று கண்டவுடன் நிறுத்திவிடக் கூடாது. திரையில் வரும் நிறுவனமும் லேபிளில் உள்ள உற்பத்தியாளரும் ஒன்றுதானா, தரநிலை எண் அதே வகை ஒயருக்கு உரியதா என்று பார்ப்பதுதான் சரிபார்ப்பு. போலிச் சரக்கு செய்பவர்கள் வேறொரு நிறுவனத்தின் நடப்பு உரிம எண்ணை எடுத்து ஒட்டுவது உண்டு. அப்போது எண் சரியாக வரும், பெயர் மாறி வரும். பெயரையும் சேர்த்து முழு லேபிளையே நகலெடுத்திருந்தால், செயலி எதையும் காட்டிக்கொடுக்காது. ஆகையால் லேபிளுக்கு அடுத்தபடியாக, பிளாஸ்டிக் உறையை விலக்கி, ஒயரின் மேலேயே ஓடும் அச்சை ஓரடி நீளத்துக்கு எடுத்த படம் ஒன்றைக் கேட்க வேண்டும். அசல் ஒயரில் உற்பத்தியாளர் பெயர், அளவு, வகை, தரநிலை எண் ஆகியவை சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். லேபிளில் உள்ளதற்கும் அதற்கும் முரண் இருக்காது. முதல் இரண்டு சுருள்களிலும் அப்படியே இருந்தது. மூன்றாவதன் மேல் பெயர் மட்டும், அதுவும் சில இடங்களில் பாதி தேய்ந்த நிலையில் இருந்தது.

இந்த அளவிலேயே மூன்றாவதைத் தள்ளிவிடலாம். ஆனாலும் பாதி விலை என்பது ஒரு குடும்பத்துக்குச் சிறிய விஷயம் அன்று. முத்திரை இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பது செம்புதானே என்று எலக்ட்ரீஷியன் கேட்டதும் நியாயமான கேள்வியே. அதற்கு விடை கடத்தியில்தான் இருக்கிறது. லேபிளின் படம் அதைக் காட்டாது.

லேபிளில் அளவு எழுதியிருக்கும் விதத்தை முதலில் கவனிக்க வேண்டும். முதல் இரண்டிலும் 2.5 சதுர மி.மீ. என்றிருந்தது. மூன்றாவதில் “சதுர” என்ற சொல் இல்லாமல் 2.5 மி.மீ. என்று மட்டும் இருந்தது. 2.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கடத்தியின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 4.9 சதுர மில்லிமீட்டர் ஆகும்; அந்த விலையில் அது சாத்தியமே இல்லை. ஆக, அந்த எண் விட்டத்தையும் குறிக்கவில்லை, பரப்பையும் குறிக்கவில்லை. நீளத்திலும் இதே போக்கு: முதல் இரண்டில் 90 மீட்டர், மூன்றாவதில் 90 கஜம், அதாவது ஏறத்தாழ 82 மீட்டர். பழைய எலக்ட்ரீஷியன்கள் இன்னும் “மூணு இருபது”, “ஏழு இருபது” என்று கேஜ் கணக்கில் பேசுவார்கள். 3/20, அதாவது 20 கேஜ் கம்பிகள் மூன்று, என்பது ஏறத்தாழ 2 சதுர மில்லிமீட்டர்தான் என்பதால், அதை 2.5-க்குச் சமமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து வெட்டுமுனையின் படம். சுருளின் நுனியைக் கூர்மையான பிளேடால் நேராக வெட்டி, காப்புறையை உரிக்காமல், வெட்டிய முகத்தை நேருக்கு நேர் வைத்து எடுக்கச் சொல்ல வேண்டும். கட்டிங் பிளையரால் வெட்டினால் நுனி நசுங்கி நீள்வட்டமாகிவிடும். அப்போது அகலத்தையும் உயரத்தையும் அளந்து சராசரி எடுக்க வேண்டியிருக்கும். இந்தப் படத்தில் அளவுகோல் இல்லாவிட்டாலும் ஒரு விகிதத்தை அளக்கலாம். 2.5 சதுர மி.மீ. ஒயரில் செம்பு இழைகளின் கற்றை ஏறத்தாழ 2.1 மி.மீ. விட்டமும், அதைச் சுற்றிய காப்புறை ஒவ்வொரு பக்கமும் 0.8 மி.மீ. தடிப்பும் கொண்டிருக்கும், ஆகவே வெளிவிட்டம் ஏறத்தாழ 3.7 மி.மீ. படத்தைக் கைபேசியில் பெரிதாக்கி, ஒரு காகிதத் துண்டை வைத்து இரண்டையும் அளந்தால், செம்பு மொத்த அகலத்தில் பாதிக்குச் சற்று மேல், நூற்றுக்கு 57 அளவில் இருக்க வேண்டும். முதல் இரண்டு சுருள்களும் இதற்கு மிக அருகில் வந்தன. மூன்றாவதில் அது நூற்றுக்கு 47 மட்டுமே.

வெளிவிட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. பத்துச் சுற்றுகளை நெருக்கமாக அடுக்கி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த படத்தில் மூன்று சுருள்களும் ஏறத்தாழ 37 மில்லிமீட்டர் அகலமே காட்டின. உள்ளே செம்பைக் குறைத்து, அந்த இடத்தைப் பிளாஸ்டிக்கால் நிரப்பினால் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கும் வேறுபாடு தெரியாது. பத்துச் சுற்றுப் படம், 1.5-ஐ 2.5 என்று சொல்லி விற்பதை மட்டுமே பிடிக்கும், 1.5 ஒயராக இருந்தால் அகலம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர்தான் வரும்.

இழைகளின் எண்ணிக்கைதான் பலரும் நம்பும் சோதனை. ஆனால் பலர் ஏமாறுவதும் அதில்தான். நுனியை ஓர் அங்குலம் உரித்து, இழைகளை வெள்ளைக் காகிதத்தின் மேல் விசிறிபோல் பிரித்து எடுத்த படத்தில் எண்ணலாம். 0.30 மி.மீ. விட்டமுள்ள இழைகள் 36 இருந்தால் பரப்பு 2.54 சதுர மி.மீ.; 0.25 மி.மீ. இழைகள் 50 இருந்தால் 2.45. இரண்டு அமைப்புகளும் சந்தையில் உள்ளன, இரண்டும் சரியானவையே. மூன்றாவது சுருளிலும் 36 இழைகள் இருந்தன. எண்ணிப் பார்த்த எலக்ட்ரீஷியன் அதனால்தான் திருப்தியடைந்திருந்தார். ஆனால் அவை 0.25 மி.மீ. இழைகள், 36-ஐ அந்த விட்டத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் பரப்பு 1.77 சதுர மி.மீ. மட்டுமே வரும். எண்ணிக்கையை விட்டத்தோடு சேர்த்துப் பார்க்காவிட்டால் அது ஒன்றையும் சொல்வதில்லை. 0.05 மி.மீ. வேறுபாட்டைக் கண் பிரித்தறியாது. மைக்ரோமீட்டர் கைவசம் இல்லாதவருக்கு முன்சொன்ன விகிதமே அதைக் காட்டித்தரும்.

அதே வெட்டுமுகப் படத்தில் நிறத்தையும் பார்க்க வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினிய இழை வெளிப்புறத்தில் செம்பைப்போலவே மினுங்கும்; பிளேடால் புதிதாக வெட்டிய முகத்தில் மட்டும் நடுவே வெளிறிய வெள்ளை தெரியும். கடையின் மஞ்சள் விளக்கு அந்த வெண்மையை மறைத்துவிடும் என்பதால், படத்தை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டி எடுத்த படம் போதும். (வெள்ளீயம் பூசிய செம்பில் இதற்கு நேர்மாறாக, வெளியே வெள்ளையும் உள்ளே சிவப்பும் தெரியும், அது நல்ல பொருள்தான், வீட்டு ஒயரில் அரிதாகவே வருகிறது.) மூன்றாவது சுருளின் இழை, சுரண்டிய இடத்தில் வெள்ளையாக இருந்தது.

இதன் விளைவை இந்தச் சமையலறைக் கணக்கிலேயே பார்க்கலாம். இந்தியத் தரநிலை, கடத்தியை எடையாலோ இழை எண்ணிக்கையாலோ அளப்பதில்லை, மின்தடையால் அளக்கிறது. 2.5 சதுர மி.மீ. நெகிழ் செம்புக் கடத்திக்கு 20 டிகிரி வெப்பநிலையில் ஒரு கிலோமீட்டருக்கு 7.98 ஓம் என்பது மேல் வரம்பு. போக 20, வர 20 என்று 40 மீட்டருக்கு அது 0.32 ஓம், 14 ஆம்பியர் ஓடும்போது சுவருக்குள் ஏறத்தாழ 62 வாட் வெப்பமாகிறது. செம்பு முலாம் பூசிய அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு, அதோடு 1.77 என்ற குறைந்த பரப்பையும் சேர்த்தால் மின்தடை 0.62 ஓம் ஆகிறது, வெப்பம் 122 வாட்டாக இரட்டிக்கிறது. எம்.சி.பி. இதைக் கவனிக்காது; அதைப் பொறுத்தவரை ஓடுவது 14 ஆம்பியர், அதன் வரம்பு 16. வெப்பம் பைப்புக்குள் தேங்கிக் காப்புறையை ஆண்டுக்கணக்கில் கடினமாக்கும். அதற்கு முன்பே, சாக்கெட்டின் திருகுக்கடியில் இழைகள் நசுங்கி, அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படர்ந்து, அந்த இணைப்பு கருகத் தொடங்குவதுதான் வழக்கம். இண்டக்‌ஷன் அடுப்பின் பிளக் அடிக்கடி சுடுவதும், சாக்கெட் மஞ்சளாவதும் இப்படிப்பட்ட லைன்களில் முதலில் தெரியும் அறிகுறிகள்.

எடையும் இதையே சொல்கிறது. 90 மீட்டர் நீளமும் 2.5 சதுர மி.மீ. பரப்பும் கொண்ட கடத்தியில் ஏறத்தாழ 2 கிலோ செம்பு இருக்கும். காப்புறையோடு சுருள் 3 கிலோவை ஒட்டி வரும். மின்தடை வரம்புக்குள் நின்றுகொண்டே செம்பைச் சற்றுக் குறைக்க உற்பத்தியாளர்களுக்கு இடம் உண்டு என்பதால், 2.7 கிலோ வந்தாலே போலி என்று முடிவு கட்டக் கூடாது. தராசின் மேல் சுருளை வைத்து, திரை தெரியும்படி எடுத்த படங்களில் முதல் இரண்டும் 3 கிலோவுக்கு அருகில் இருந்தன; மூன்றாவது 1.6 கிலோ காட்டியது. அன்றைய செம்பு விலையை 2 கிலோவுக்குப் பெருக்கிப் பார்த்தபோது, மூன்றாவது சுருளின் முழு விலையும் அந்தத் தொகையைவிடக் குறைவாக இருந்தது. படமே கிடைக்காத நேரத்திலும் செய்யக்கூடிய இந்தக் கணக்கை நான் எல்லோருக்கும் சொல்லிவருகிறேன்.

எஞ்சியிருப்பது முதல் இரண்டுக்கும் இடையிலான தேர்வு. இங்கே படம் ஏறத்தாழ ஊமையாகிவிடுகிறது. காப்புறையின் வகையை நிறத்தாலோ பளபளப்பாலோ தடிப்பாலோ யாரும் கண்டுபிடிக்க முடியாது. அச்சிட்ட எழுத்தையும், அதன் பின்னால் உள்ள உரிமத்தையும் நம்பித்தான் ஆக வேண்டும். மூன்றாவது சுருளில் இருந்த எஃப்.ஆர்.எல்.எஸ்.எச். என்ற உயர்ந்த வகைப்பெயருக்கு மதிப்பில்லாமல் போனதற்கும், அதைவிடக் குறைந்த வகையான எஃப்.ஆர்.-ஐ முதல் சுருளில் நம்பலாம் என்பதற்கும் அதுவே காரணம்.

மூன்று பெயர்களும் குறிப்பவை வேறுபட்டவை. எஃப்.ஆர். என்பது தீப்பற்றினாலும் சுடர் ஒயர் வழியாகப் பரவுவதைத் தடுக்கும் பி.வி.சி.; ஆனால் எரியும்போது அடர்ந்த புகையையும் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவையும் அது வெளியிடும். எஃப்.ஆர்.எல்.எஸ்.எச். வகையும் பி.வி.சி.தான், புகையும் அமில வாயுவும் ஒரு வரம்புக்குள், அமில வாயுவைப் பொறுத்தவரை எடையில் நூற்றுக்கு 20-க்கு மிகாமல், இருக்கும்படி செய்யப்பட்டது. எச்.எஃப்.எஃப்.ஆர். காப்புறையில் குளோரின் போன்ற ஹாலஜன் கிடையாது. ஆகவே அந்த அமில வாயு ஏறத்தாழ இல்லை, புகையும் மிகக் குறைவு. மின்சாரம் கடத்துவதில் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. எச்.எஃப்.எஃப்.ஆர். வாங்கினால் 1.5 போதும் என்று சில கடைகளில் சொல்வதுண்டு. வீட்டு லைனில் அந்த வாதத்தை ஏற்கக் கூடாது. சாக்கெட்டின் இணைப்புகளும் வோல்ட்டேஜ் இழப்பும் கடத்தியைப் பொறுத்தவை, காப்புறையைப் பொறுத்தவை அல்ல.

ஆகையால் கேள்வி, வீட்டில் தீப்பிடித்தால் ஆட்கள் எப்படி வெளியே வருவார்கள் என்பதாகிறது. தரைத்தளத்தில், இரண்டு பக்கமும் வாசலுள்ள வீடாக இருந்தால் உரிமம் உள்ள எஃப்.ஆர். ஒயரே போதும் என்பேன். மிச்சமாகும் பணத்தை, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் முப்பது மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்குச் செலவிடுவது அங்கே கூடுதல் பயன் தரும். இந்த அல்சூர் வீடு அப்படிப்பட்டதன்று. இரண்டாம் மாடி, ஒரே ஒரு குறுகிய படிக்கட்டு, அந்தப் படிக்கட்டின் சுவரோடுதான் மீட்டரில் இருந்து மேலே வரும் மெயின் லைனும் செல்கிறது; வீட்டில் நடக்கச் சிரமப்படும் பாட்டி ஒருவரும் இருக்கிறார். புகை அந்தப் படிக்கட்டை அடைத்துவிட்டால் வேறு வழி கிடையாது.

எனவே மெயின் லைனையும் சமையலறை லைனையும் இரண்டாவது சுருளின் வகையில், அதாவது எச்.எஃப்.எஃப்.ஆர். ஒயரில் போடவும், படுக்கையறைகளின் விளக்கு, மின்விசிறி லைன்களுக்கு முதல் சுருளின் நிறுவனத்திலேயே எஃப்.ஆர். 1.5 எடுக்கவும் சொன்னேன். மெயின் லைனின் அளவு 2.5 அன்று, வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவைப் பார்த்து எலக்ட்ரீஷியன் அதைத் தனியாக முடிவு செய்ய வேண்டும். பில்லில் உற்பத்தியாளர் பெயர், வகை, அளவு, சுருள்களின் எண்ணிக்கை நான்கும் எழுதி வாங்கச் சொன்னேன். அது இல்லாமல் பின்னர் எந்தப் புகாரும் நிற்காது.

சரக்கு வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை மீதி இருந்தது. படத்தில் காட்டிய சுருளே வீட்டுக்கு வர வேண்டும் என்று கட்டாயமில்லை. பைப்புக்குள் இழுப்பதற்கு முன், ஒவ்வொரு சுருளின் உரிம எண்ணையும் படத்தோடு ஒப்பிட்டு, ஒரு நுனியைச் சுரண்டிப் பார்த்து, சுருளின் இரு முனைகளுக்கும் இடையே மல்டிமீட்டர் வைக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொண்டோம். மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டும் 0.2 அல்லது 0.3 ஓமைக் கழித்துக்கொள்ள வேண்டும். 90 மீட்டர் 2.5 சுருள் அதன் பிறகு 0.7 ஓம் அளவில் காட்டினால் ஒயரை இழுக்கலாம். 1 ஓமைத் தாண்டினால், பிரிக்காமல் பில்லோடு கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.